முத்துப்பிள்ளை கர்ப்பம்: எண்ணே இல்லாத ரிப்போர்ட்டும் வாராவார ரத்தப் பரிசோதனையும்

“கர்ப்பம்தான் கலைத்தாயிற்றே அம்மா, இன்னும் எதற்கு அதே கர்ப்ப டெஸ்ட்டை எழுதிக்கொண்டு வருகிறீர்கள்?” ரத்தம் கொடுக்கும் இடத்தில் சீட்டு பதிகிறவர் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் இப்படிக் கேட்டார். பதில் சொல்லத் தெரிந்தும் அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பதிலை இப்போது முழுதாக எழுதிவிடுகிறேன். மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து இதே சீட்டோடு பஸ் ஏறுகிற இன்னொரு பெண்ணுக்கு உதவும்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் எனக்குப் பழுப்பாக ரத்தம் படத் தொடங்கியது. ஒருநாள் வரும், இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும். வயிற்றில் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. நாள் கணக்குக்கு மீறி அடிவயிறு பெரிதாக இருப்பதை என் மாமியார்தான் முதலில் கவனித்தார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுக்காமல் சிறுநீரில் கார்டு டெஸ்ட் மட்டும் வைத்தார்கள். இரண்டாவது கோடு மிக மங்கலாக விழுந்தது. “ஹார்மோன் குறைந்துவிட்டது, கரு தானாகவே கலைந்துகொண்டிருக்கிறது, வீட்டில் படுத்திருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள்.

உண்மை அதற்கு நேர் எதிராக இருந்தது. கார்டில் கோடு விழ வேண்டுமானால், எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் இரண்டு பக்கமும் ஒட்டுப்பொருளைப் பிடித்து நடுவில் நிற்க வேண்டும். ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டு பக்க ஒட்டுப்பொருளும் தனித்தனியாக நிரம்பிவிடுகிறது. நடுவில் இணைவது குறைந்து கோடு மங்குகிறது, சில சமயம் விழாமலே போகிறது. அதே சிறுநீரில் தண்ணீர் கலந்து வைத்திருந்தால் கோடு அழுத்தமாக விழுந்திருக்கும். நாள் தள்ளிப்போய், வாந்தியும் ரத்தப்போக்கும் இருக்கும்போது கார்டு மங்கலாக இருந்தால் அதை நம்பி வீடு திரும்பாதீர்கள். ஸ்கேன் கேளுங்கள்.

ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்த மருத்துவருக்குத் திரையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. குழந்தை இல்லை, ஊறவைத்த ஜவ்வரிசியைக் கொட்டிவைத்தது போல் கர்ப்பப்பை முழுக்கச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். எனக்கு வந்தது முழு முத்துப்பிள்ளை. தாயின் மரபணு இல்லாத வெற்று முட்டையில் தந்தையின் மரபணு மட்டும் சேர்ந்து, கரு உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் கட்டுக்கடங்காமல் வளர்வது இது. நான் சாப்பிட்டதோ தூக்கியதோ நடந்ததோ காரணம் இல்லை என்று அந்த மருத்துவர் என் மாமியாரை உட்காரவைத்துச் சொன்னார். அதற்காக அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த சிக்கல் ரத்தப் பரிசோதனையில் வந்தது. ஒரு தனியார் ஆய்வகம் கொடுத்த தாளில் எச்.சி.ஜி. என்ற இடத்தில் “>10,000” என்று மட்டும் இருந்தது. அவர்களுடைய கருவி அதற்கு மேல் அளக்காது. மருத்துவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்: “இது பத்தாயிரத்து ஒன்றா, மூன்று லட்சமா? எங்கிருந்து இறங்குகிறது என்று தெரியாமல் எப்படிக் கணக்குப் பார்ப்பது?” மறுபடி ஊசி, மறுபடி பணம். ரத்தத்தை நீர்க்கவைத்து அளந்து, கடைசி எண்ணைத் தர வேண்டும் என்று இந்த முறை சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். வந்த எண் 3,42,000. சாதாரணக் கர்ப்பத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டுவதே எல்லோருக்கும் நடப்பதில்லை. ரத்தம் கொடுக்கும் முன்பே “நீர்க்கவைத்துப் பார்ப்பீர்களா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தைராய்டு, மார்பு எக்ஸ்ரே, ரத்த வகை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்ததும் சிக்கல் இல்லாமல் நடந்தது. எடுத்த திசுவைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் வேலையை என் கணவரிடம் கொடுத்தார்கள். ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில்தான் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் உப்புநீரில் கிடந்தால் திசு கெட்டுவிடும். நெகட்டிவ் ரத்த வகைப் பெண்கள் ஆன்டி-டி ஊசி பற்றித் தாங்களாகவே கேட்டுவிட வேண்டும்.

இனி அந்தச் சீட்டு பதிகிறவருக்கான பதில். சுத்தம் செய்த பிறகும் கர்ப்பப்பைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஒட்டியிருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அவை தானாக அழிந்துவிடும். முழு முத்துப்பிள்ளை வந்த 100 பேரில் ஏறத்தாழ 15 முதல் 20 பேருக்கு அவை மறுபடி வளர்கின்றன; கவனிக்காமல் விட்டால் நுரையீரல் வரைகூடப் பரவும். ஸ்கேனில் தெரியும் முன்பே எச்.சி.ஜி. அதைச் சொல்லிவிடும், ஏனென்றால் அந்தச் செல்கள் இருக்கும் வரை ஹார்மோன் சுரக்கிறது. வாராவாரம் எண் இறங்கினால் அவை அழிகின்றன. இறங்காமல் மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றாலோ, இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினாலோ மருந்து தேவை. அந்த நிலையில் பிடித்துவிட்டால் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தால் ஏறக்குறைய எல்லோரும் குணமாகிறார்கள்.

எனக்கு 12,400, பிறகு 2,150, பிறகு 640 என்று அழகாக இறங்கியது. அடுத்த வாரம் மழையால் ராமநாதபுரம் போக முடியாமல் பக்கத்திலேயே வேறோர் ஆய்வகத்தில் கொடுத்தோம். 790 என்று வந்தது. அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. மருத்துவர் பதறவில்லை. ஒவ்வொரு கருவியும் இந்த ஹார்மோனைச் சற்று வேறாக அளக்கும், இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒரே வரிசையில் வைக்கக் கூடாது, ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவெடுப்பதும் இல்லை என்றார். பழைய ஆய்வகத்தில் மறுபடி கொடுத்தபோது 212. தூரமாக இருந்தாலும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆய்வகம்தான் என்று அன்றே முடிவு செய்தோம். தேதியும் எண்ணும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் அதையே நீட்டினேன். புதிதாக வந்த பயிற்சி மருத்துவருக்குக்கூட ஒரே பார்வையில் விளங்கியது.

எண் 5-க்குக் கீழே வந்ததும் நிறுத்தவில்லை. தொடர்ந்து மூன்று வாரம் அப்படியே இருக்க வேண்டும், பிறகு மாதம் ஒருமுறை. எனக்கு ஆறு மாதம் சொன்னார்கள்; சில மருத்துவமனைகள் மூன்று மாதத்தோடு விடுகின்றன. அதுவரை கருத்தரிக்கக் கூடாது. புதிய கர்ப்பமும் இதே ஹார்மோனை ஏற்றும். ஏறுவது குழந்தையாலா, மிச்சமான செல்களாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். “சீக்கிரம் அடுத்தது வந்தால் மனம் தேறும்” என்று அன்பாகச் சொன்ன சொந்தக்காரர்களிடம் என் கணவர்தான் இதை விளக்கினார். கருத்தடை மாத்திரையோ ஆணுறையோ போதும். எண் இயல்புக்கு வரும் முன் காப்பர்-டி மட்டும் போடக் கூடாது, கர்ப்பப்பைச் சுவர் துளைபட வாய்ப்பு இருக்கிறது.

போன வாரம் மருத்துவர் என் நோட்டை மூடி, இனி வர வேண்டாம் என்றார். மறுபடி முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றளவுதானாம். அடுத்த முறை நாள் தள்ளிப்போனால் ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுக்க வேண்டும், பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் இதே ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்ய வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலையும் அதோடு தைத்து வைத்திருக்கிறேன். வேறு ஊரில் பிரசவம் பார்க்க நேர்ந்தால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.