ராஜினாமா லெட்டர்ல மொய் கணக்கு எழுதுன கதை

கும்மோணம் பக்கத்துல ஒரு பேங்க்ல பதினோரு வருசமா கிளார்க்கா இருக்கேன், அதுல பாதி வருசம் நகைக்கடன் கவுண்டர்தான். முழுநேரமா ஷேர் மார்க்கெட்ல ட்ரேடிங் பண்ணப் போறேன்னு முடிவு பண்ணி போன வாரம் ராஜினாமா லெட்டர் எழுதிட்டு மேனேஜர் மேடம் ரூமுக்குப் போனேன், மூணு பக்கம், பின்னாடி ஒரு எக்செல் ஷீட் வேற. லெட்டர்ல ரெண்டாவது பாராவுல "கடந்த 14 மாதங்களாக ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் சராசரியாக மாதம் 9,000 ரூபாய் ஈட்டி வருகிறேன்"னு பெருமையா எழுதியிருந்தேன்.

மேடம் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி படிச்சாங்க. "ஏன் சார், ஸ்பெகுலேஷன் பண்றது நம்ம சர்வீஸ் ரூல்ல மிஸ்கண்டக்ட்டுன்னு தெரியுமா? ரிலீவ் ஆகுறதுக்கு முன்னாடியே சார்ஜ் ஷீட் வாங்கிட்டுப் போறீங்களா?"

"மேடம் அது வொய்ஃப் அக்கவுண்ட்ல..."

"அடுத்தவங்க பேர்ல பண்ணாலும் அதே கதைதான். அந்தப் பாராவ அடிங்க." சிவப்பு பேனாவால அவங்களே அடிச்சுட்டாங்க. பத்து வருசம் வவுச்சர்ல எத்தனையோ பேரோட தப்ப அடிச்சவன் நான், அன்னைக்கு என் பேப்பர்ல சிவப்பு.

அப்புறம் ஷீட்ட புரட்டுனாங்க. அதுக்கு ஒரு முன்கதை இருக்கு. எஃப்டி, சேவிங்ஸ் எல்லாம் சேத்து 11 லட்சத்து 70 ஆயிரம். கிராஜுவிட்டி 3 லட்சத்து 30 ஆயிரம் (பேசிக்கும் டிஏவும் 52,000, அத 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி பதினோரு வருசத்தால பெருக்கணும்). ஆக 15 லட்சம். பென்ஷனுக்குப் பிடிக்கிற என்பிஎஸ்ஸ கணக்குலயே சேக்கல, இப்ப விலகுனா அதுல பெரும்பகுதி பென்ஷன் வாங்கத்தான் போகும். இதுல ட்ரேடிங்குக்கு மூன்றரை லட்சம், ஆஸ்பத்திரிக்குன்னு தொடாம ஒன்றரை லட்சம், மிச்சம் 10 லட்சம் வீட்டுச் செலவு. மாசம் 28,000-னு போட்டேன், 35 மாசம் வந்துச்சு. மூணு வருசம் ராஜாடா நீன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஒரு டிகிரி காப்பி குடிச்சேன்.

வொய்ஃப் பாத்துட்டு "இது உங்க ஒருத்தருக்கான செலவா, குடும்பத்துக்கானதா"ன்னா. வீட்டுக்கடன் ஸ்டாஃப் வட்டிலருந்து பப்ளிக் வட்டிக்கு மாறும், மாசம் 2,500 கூடும். பேங்க் குடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் போயிடும், அம்மாவையும் சேத்து வெளில எடுத்தா வருசம் 48,000, அதுலயும் அம்மாவோட சுகருக்கு மூணு வருசம் வரைக்கும் காத்திருப்பு போட்டுருவான். பையன் ஸ்கூல் ஃபீஸும் வேனும் வருசம் 60,000. தீபாவளி, பொங்கல், குலதெய்வம் கோயில் 30,000. "மொய்?"ன்னா. நான் மொய்ய சுத்தமா மறந்துட்டேன். வைகாசி, ஆவணி, தைன்னு ஒரு முகூர்த்தம் விடாம நம்ம பக்கம் பத்திரிகை வரும், வருசம் 24,000. எல்லாத்தயும் மாசத்துக்கு பிரிச்சா 16,000. 28 போய் 44 ஆயிடுச்சு, 35 மாசம் போய் 22 மாசம்.

"ட்ரேடிங்ல வர்றத கூட்டலயே"ன்னேன். "பூஜ்யம் போடுங்க. 2024 செப்டம்பர்ல ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி சொன்னது நீங்கதானே படிச்சு காட்டுனீங்க, மூணு வருசத்துல ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ல 100 பேருக்கு 93 பேர் நஷ்டம்னு." நியாயம்தான். என் நோட்டுலயே கழிக்கறதுக்கு முன்னாடி மாசம் 14,000 லாபம், புரோக்கரேஜ், எஸ்டிடி வரி, ஜிஎஸ்டி போக 9,000தான் நிக்குது. அதுலயும் ஒரே மாசத்துல 46,000 போன கதை உண்டு, அந்த மாசம் வீட்ல காப்பி டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

அதனால ரெண்டு கோடு போட்டோம். மூன்றரை லட்சம் ரெண்டரைக்கு வந்தா ட்ரேடிங் நிறுத்தம், வீட்டுப் பணத்துலேருந்து ஒத்தப் பைசா எடுக்கக் கூடாது. அது இல்லாட்டியும் பதினாறாவது மாசம் நோட்டப் பாத்து வேலை தேடணும், ஏன்னா வேலை கெடைக்கவே ஆறு மாசம் ஆகும், 22 முடிஞ்சப்புறம் தேடுனா வட்டிக்கு வாங்கித்தான் சோறு.

இந்த ஷீட்டத்தான் மேடம் அஞ்சு நிமிசம் ஒன்னும் பேசாம படிச்சாங்க. "லெட்டர் ரெண்டு வரி போதும், சொந்தக் காரணம்னு எழுதுங்க. ஒரு மாச நோட்டீஸ், ஜூன் 12 மேட்டூர் தெறந்தா குறுவைக்கு நகைக்கடன் கூட்டம் அள்ளும், அத முடிச்சுட்டுப் போங்க சார். காசு கொறஞ்சா பேராவூரணி பக்கம் போய் மொய் விருந்து வச்சுருங்க."

ரெண்டு வரி அங்கயே எழுதிக் குடுத்தேன். வாங்கி வச்சுட்டு, டிராயர தெறந்து மஞ்சள் தடவுன ஒரு பத்திரிகைய எடுத்து நீட்டுனாங்க. அவங்க பொண்ணு கல்யாணம், ஆவணி மாசம்.

"மொய் வரில இதையும் சேத்துக்கங்க."