பெயரில்லாத உலோகத் துண்டு

அந்தத் துண்டு மேலெல்லாம் கருத்துப்போயிருந்தது. ஒரு முனையில் நூல் கட்டத் துளை, நிறை 120 கிராம், அவ்வளவுதான் தெரியும். இது என்ன உலோகம் என்று தன்வெப்பக் கொள்ளளவை, அதாவது ஒரு கிலோகிராம் ஒரு பாகை சூடேற வேண்டிய வெப்பத்தை, வைத்துச் சொல்லுங்கள் என்று பௌதிக ஆசிரியர் என்னிடமும் என் சிநேகிதியிடமும் தந்தார்.

துண்டை நூலில் கட்டிக் கொதிநீருக்குள் தொங்கவிட்டோம். 60 கிராம் செம்புக் கலோரிமானியில் 100 கிராம் நீர், வெப்பநிலை 28 பாகை. பத்து நிமிடம் கழித்துத் துண்டைத் தூக்கிச் சட்டென்று நீருக்குள் இறக்கி, கலக்கிக்கொண்டே வெப்பமானியைப் பார்த்தோம். இரசம் 35.2இல் நின்றது.

நீரும் கலோரிமானியும் சேர்ந்து ஒரு பாகை ஏற ஏறத்தாழ 443 ஜூல் வேண்டும். 7.2 பாகைக்கு 3190 ஜூல். அதைக் கொடுத்த உலோகம் 100இலிருந்து 64.8 பாகை இறங்கியிருக்கிறது. கணக்குப் போட்டால் கிலோகிராமுக்கு, பாகைக்கு 410 ஜூல் வந்தது. அட்டவணையில் இரும்புக்கு 450, செம்புக்கு 390, பித்தளைக்கு 380. எதிலும் ஒட்டவில்லை.

வழியில் வெப்பம் போயிருக்கும் என்று எழுதப் போனோம். சேர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "வெப்பம் வெளியே போனால் இறுதி வெப்பநிலை குறையும், விடையும் குறையும். உங்கள் விடை கூடியிருக்கே. கலோரிமானியை இன்னொருக்கா நிறுத்துப் பாருங்கோ," என்றார்.

கலோரிமானி, நீர், உலோகம் மூன்றும் சேர்ந்து 280 கிராம் இருக்க வேண்டும். தராசு 280.9 காட்டியது. அந்த 0.9 கிராம், துண்டோடும் நூலோடும் ஒட்டி வந்த கொதிநீர். எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனால் ஒரு கிராம் நீர் 11 கிராம் பித்தளைக்குச் சமமான வெப்பத்தைச் சுமக்கும். அந்தத் துளிகள் மட்டும் 245 ஜூல் கொண்டு வந்திருந்தன. அதைக் கழித்துப் பார்த்தோம், விடை 379.

அப்புறம் துண்டைத் துடைத்து, உலர்ந்த சோதனைக் குழாய்க்குள் போட்டு, குழாயைக் கொதிநீரில் வைத்து மறுபடி செய்தோம். காற்று வழியாகச் சூடேற நேரம் எடுக்கும் என்பதால் இம்முறை நீண்ட நேரம் காத்திருந்தோம். விடை 374. கொஞ்சம் குறைவுதான். குழாயிலிருந்து நீருக்குப் போகும் வழியில் இழந்த வெப்பம் இப்போது உண்மையிலேயே தெரிந்தது.

சரி, செம்பா பித்தளையா? எங்கள் வெப்பமானியில் 0.2 பாகை தவறாக வாசித்தாலே விடை மூன்று சதவீதம் மாறிவிடும். இரண்டு உலோகங்களுக்கும் உள்ள வித்தியாசமும் அந்த அளவுதான். இரும்பு இல்லை, அலுமினியம் இல்லை என்று மட்டும் அந்தச் சோதனையால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. மிச்சத்தை அரத்தாள் சொன்னது. சிநேகிதி ஓரத்தைத் தேய்த்தாள், உள்ளே மஞ்சள் மின்னியது.