21 லட்சம் என்ற கோடு

கோவையில் எங்கள் குடும்பத்துக்கு பம்பு உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி இருக்கிறது. கணக்கு என் பொறுப்பு. போன வருஷம் புது சிஎன்சி மெஷினுக்கு 50 லட்சம் தேவைப்பட்டது. பேங்க் 12% வட்டிக்குக் கடன் தரத் தயார். சித்தப்பாவோ, நூறு ரூபாய் வீதம் 50,000 புதுப் பங்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஏற்கெனவே இருப்பது ஒரு லட்சம் பங்கு.

அண்ணன் கடன் பக்கம். "வெளிய பங்கு குடுத்தா லாபத்துல மூணுல ஒண்ணு போயிருமே" என்றார். எனக்கு அதைக் கணக்கில் பார்க்க வேண்டும். எந்த செயல்பாட்டு லாபத்தில், அதாவது வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தில், இரண்டு வழியிலும் பங்கு ஒன்றுக்கு ஒரே வருமானம் வருகிறது?

முதல் தடவை 18 லட்சம் என்று வந்தது. முந்தின வருஷ லாபம் 20 லட்சம். அப்படியானால் கடன்தான் லாபம் என்று சந்தோஷமாக ஆடிட்டரிடம் கொண்டுபோனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "பழைய கடன் வட்டி எங்கீங்க?" என்றார். வருஷம் 3 லட்சம். இரண்டு வழியிலும் அது கட்டியாக வேண்டியதுதானே, தானாகவே அடிபட்டுப் போகும் என்று நினைத்து விட்டுவிட்டேன். அடிபடாது. பங்கு எண்ணிக்கை இரண்டு பக்கமும் வேறு என்பதால் அந்த 3 லட்சம் ஒரு பக்கம் ஒன்றரை லட்சம் பங்குகளிலும் மறுபக்கம் ஒரு லட்சம் பங்குகளிலும் பிரிகிறது. 25% வரிதான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அடிபடும். திருத்திய கணக்கு, லட்சத்தில். E என்பது செயல்பாட்டு லாபம்; 9 என்பது பழைய வட்டி 3-உம் புதுக் கடனின் வட்டி 6-உம் சேர்ந்தது:

```
(E - 3) / 1.5 = (E - 9) / 1
E = 21
```

விடையைத் திரும்ப இரண்டு பக்கமும் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. 21 லட்சத்தில் வரி போக இரண்டிலும் பங்குக்கு 9 ரூபாய் வந்தது. பழைய விடையான 18-ஐப் போட்டேன். பங்கு வழியில் 7.50, கடன் வழியில் 6.75. அன்றே இதைச் செய்திருந்தால் தப்பு வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

இப்போது 20 லட்சம் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. பங்கு வழியில் 8.50, கடன் வழியில் 8.25. ஒரு பெரிய பம்பு கம்பெனியின் ஆர்டர் கிடைத்தால் லாபம் 25 லட்சத்தைத் தொடும் என்று அண்ணன் எதிர்பார்த்தார். அங்கே கடன் 12 ரூபாய், பங்கு 11. ஆனால் அந்த ஆர்டர் இன்னும் பேச்சளவில்தான் இருந்தது.

இன்னொன்றும் என்னைத் தயங்க வைத்தது. அசல் தவணை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஐந்து வருஷக் கடனுக்கு வருஷம் 10 லட்சம் அசல் கட்ட வேண்டும். 21 லட்ச லாபத்தில் கடன் வழியில் வரி போக மிஞ்சுவதோ 9 லட்சம். மீதியைத் தேய்மானத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பங்குக்கு வருமானம் சமம் என்பதால் கைக்காசும் சமமாகிவிடாது.

இரண்டையும் ஒரே தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு சித்தப்பாவுக்கு அவரே போன் செய்தார்.