கீழடி பற்றிப் பேசப் போய், கேள்வி நேரத்தில் மாட்டிய கதை

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் கீழடி அகழாய்வு பற்றியும், அங்கே கிடைத்த எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் பற்றியும் பேசினேன். பேச்சு நன்றாகவே போனது. அப்புறம் வந்த கேள்வி நேரத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முக்கியமாக, தலைமை தாங்கிய ஐயா மேல்.

முதலில் எழுந்தவர் மைக்கை வாங்கிக்கொண்டு குமரிக்கண்டம் பற்றி ஒரு தனிச் சொற்பொழிவே நடத்தினார். கேள்வி என்று எதுவும் வரவில்லை. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மைக் பிடித்தவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், "ஐயா, இதில் நான் பதில் சொல்ல வேண்டியது எது?" என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. ஒருவருக்கு எவ்வளவு நேரம், யார் நிறுத்துவது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மைக்கைக் கையில் கொடுக்காமல், ஒரு தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தவர் நேராகப் பாய்ந்தார். "ஒரே ஒரு கரித்துண்டை வைத்துத் தமிழ் எழுத்துக்கு 2,600 வயது என்கிறீர்களே, எந்தக் கட்சி எழுதிக் கொடுத்தது?"

சிலர் கை தட்டினார்கள். கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் அந்த வாக்கியத்தில் இருந்தது இரண்டு கேள்விகள். கட்சி பற்றியது வம்பு. கரி பற்றியது நல்ல கேள்வி. அதனால் கேள்வியை நானே மைக்கில் திருப்பிச் சொன்னேன்: "கரியின் வயதை வைத்துப் பானைமேல் உள்ள எழுத்தின் வயதை எப்படிச் சொல்கிறோம் என்று ஐயா கேட்கிறார்." இப்படிச் செய்தால் பின்வரிசைக்கும் கேட்கும், யோசிக்க நேரமும் கிடைக்கும், வம்பும் உதிர்ந்துவிடும். "நான் கேட்டது அது இல்லை" என்றார். "கட்சிக்கு என்னிடம் பதில் இல்லை ஐயா, கரிக்கு இருக்கிறது" என்றேன். இந்த முறை கைதட்டல் என் பக்கம்.

பதிலில் எதையும் பூசி மெழுகவில்லை. மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரிக்குக் கி.மு. 580 என்று காலம் வந்திருக்கிறது. அது கரியின் காலம். பானையோடு அதை இணைப்பது மண்ணடுக்கு; இரண்டும் ஒரே அடுக்கில் கிடந்தால் ஒரே காலம் என்று கொள்கிறோம். பிற்காலத்தில் யாராவது அங்கே குழி தோண்டி மண்ணைப் புரட்டியிருந்தால் அந்தக் கணக்கு ஆட்டம் காணும். இன்னொரு சங்கடமும் உண்டு. கரியில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனின் அளவை ஆண்டாக மாற்றும் வளைகோடு, சுமார் கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுகிறது. அந்த இடைவெளியில் வரும் ஓர் அளவு, பல தலைமுறைகளில் எதற்கும் பொருந்தலாம். ஆகவே 580 என்பதைப் பிறந்த தேதி மாதிரி பிடித்துக்கொள்ள முடியாது. அதே அடுக்கிலிருந்து இன்னும் பல மாதிரிகள், பானைத் துண்டையே நேரடியாகச் சோதிக்கும் வெப்ப ஒளிர்வு முறை ஆகியவற்றால்தான் உறுதி கூடும்.

இவ்வளவையும் நானே சொன்னதும் அவருக்கு மேற்கொண்டு அடிக்க இடமில்லாமல் போனது. சும்மா 580-ஐக் கட்டிப்பிடித்து நின்றிருந்தால் வறுத்தெடுத்திருப்பார்.

பேசும்போது அவரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பதிலின் பாதியிலேயே பார்வையை மற்ற வரிசைகளுக்கு நகர்த்திவிட வேண்டும். கடைசியில் "சரிதானே ஐயா?" என்று கேட்டால் தொலைந்தோம், அவருக்கு இரண்டாவது வாய்ப்பு.

உண்மையில் வியர்த்தது அதற்கு அப்புறம்தான். ஒரு கல்லூரி மாணவி, மரியாதையாகவே கேட்டார்: "கொந்தகைத் தாழிகளில் கிடைத்த எலும்புகளின் மரபணு என்ன சொல்கிறது சார்?" நான் அதைப் படித்ததில்லை. கூட்டம் ஆவலாகப் பார்க்கும்போது எதையாவது அள்ளி விடத்தான் நாக்கு துடிக்கும். "கொந்தகை கீழடிக்குப் பக்கத்து இடுகாடு என்பதும், எலும்புகள் கிடைத்தன என்பதும் எனக்குத் தெரியும், மரபணு முடிவுகளைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, எண் கொடுங்கள், படித்துவிட்டு அனுப்புகிறேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். உடனே தலைவர், "அப்போ அவர்கள் நம் முன்னோர் இல்லையா?" என்று எடுத்துக் கொடுத்தாரே பார்க்கணும்! அதற்கும் அதே பதில்தான், குரலைக்கூட மாற்றவில்லை.

அந்த ஒரே மூச்சு வீண்போகவில்லை. மறுநாள் யாரோ வெட்டிய வீடியோ துண்டு வாட்ஸாப்பில் சுற்றியது. தெரிந்ததும் தெரியாததும் ஒரே வாக்கியத்தில் கிடந்ததால் அவர்களால் நடுவில் நறுக்க முடியவில்லை, முழுசாகவே போட்டிருந்தார்கள்.