மழைத்துளியிலிருந்து காவடி வரை: ஒரு ஸ்லோமோஷன் நாட்குறிப்பு

10 ஜனவரி 2025, வெள்ளி

காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நான் பார்த்த வேலை வேறு. தாழ்வாரத்தில் முக்காலியை நிறுத்தி மழையைப் படம்பிடித்தேன். அடுத்த மாதம் தைப்பூசத்துக்கு அத்தை மகன் முதன்முறையாகக் காவடி எடுக்கிறான், அத்தை பால்குடம் எடுக்கிறார். படம்பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அதற்குள் கை பழக வேண்டும்.

வினாடிக்கு 120 பிரேம் வைத்தேன். ஷட்டரை 1/2000க்குத் தள்ளினேன், துளி கூர்மையாக வரட்டும் என்று. துளி கூர்மையாகத்தான் வந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் மழை பெய்யவில்லை. யாரோ வெள்ளைப் புள்ளிகளைத் திரையில் இங்கும் அங்கும் தெளித்தது போல இருந்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 2 மில்லிமீட்டர் துளி ஒன்று வினாடிக்கு ஏறக்குறைய 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 120 பிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அது 54 மில்லிமீட்டர் இறங்கிவிடும். 1/2000 வினாடி திறந்திருக்கும் ஷட்டரில் அது வரையும் கோடு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுத்தான் அதிகம். மூன்று மில்லிமீட்டர் புள்ளி, ஐம்பது மில்லிமீட்டர் வெற்றிடம், மறுபடி ஒரு புள்ளி. இது அதே துளி என்று கண் எப்படி நம்பும்?

1/250க்கு இறக்கினேன். இப்போது கோடு 26 மில்லிமீட்டர், இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவே. மழை மறுபடியும் மழையானது. எதிர் புளோக்கின் சுவர் வெளிர் நிறம் என்பதால் முதலில் கோடுகள் தெரியவில்லை. படிக்கட்டுப் பக்கத்து இருட்டைப் பின்னணியாக வைத்த பிறகுதான் எடுபட்டது.

ஆக, பிரேம் எண்ணிக்கை நேரத்தை எவ்வளவு இழுப்பது என்று முடிவு செய்கிறது. ஷட்டர் ஒவ்வொரு படத்திலும் துளி எவ்வளவு நீளமாகத் தெரியும் என்று முடிவு செய்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் இன்றைய என் தவறு.

12 ஜனவரி, ஞாயிறு

மழை கொஞ்சம் ஓய்ந்தது. கார் நிறுத்துமிடத்தில் தேங்கிய தண்ணீரில் துளி விழுந்து கிரீடம் போல எழும்புவதைப் பிடிக்க ஆசைப்பட்டேன். அரை மணி நேரம் குந்தியிருந்தேன். கிடைத்தது ஒன்றும் இல்லை.

கிரீடம் எழுந்து அடங்குவதற்குள் ஏறக்குறைய 0.04 வினாடிதான் கழிகிறது. திரையில் அது ஒரு வினாடியாவது நிற்க வேண்டுமென்றால், வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் அந்த 0.04 வினாடிக்குள் 24 படங்கள் எடுத்தாக வேண்டும். அதாவது வினாடிக்கு 600. என் கேமராவுக்கு 120க்கு மேல் தெம்பில்லை. எனக்குக் கிடைத்தது ஐந்து படங்கள், அதில் இரண்டு ஏற்கெனவே சரிந்துபோன கிரீடம்.

பக்கத்து வீட்டுப் பையன் செருப்போடு அதே குட்டையில் குதித்தான். அந்தத் தெறிப்பு ஏறி இறங்க அரை வினாடி ஆனது, 60 படங்கள் கிடைத்தன. திரையில் இரண்டரை வினாடி. மிக அழகாக இருந்தது. எத்தனை பிரேம் வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னால் நடப்பது எவ்வளவு நேரம் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவன் அம்மா என்னை முறைத்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று இரவு புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒத்திகை. காவடி இன்னும் தயாராகவில்லை. அதனால் அத்தை மகன் ஒரு குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு சுற்றினான். அந்தப் பக்கமாகப் போன ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மின்தூக்கிக்குள் போய்விட்டார்.

120 பிரேம், ஷட்டர் 1/240. பாடம் படித்தபடி, பிரேமின் இரண்டு மடங்கு. மடிக்கணினியில் போட்டால் படம் முழுக்க வெளிச்சம் துடிக்கிறது. குப் குப் என்று, ஏதோ நெஞ்சு அடித்துக்கொள்வது போல. கண்ணால் பார்க்கும்போது அந்த டியூப் விளக்குகள் ஒழுங்காகத்தான் எரிந்தன.

ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். வெளிச்சம் ஏறி, இறங்கி, பழைய இடத்துக்கு வர ஆறு படங்கள். மறுபடி எண்ணினேன். ஆறுதான். திரையில் வினாடிக்கு 24 படம் ஓடுவதால், வினாடிக்கு நான்கு துடிப்பு.

சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அலையின் மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் விளக்கு ஒவ்வொரு முறை பிரகாசிப்பதால், வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. அதாவது ஒரு துடிப்புக்கு 10 மில்லிவினாடி. என் கேமராவோ 8.33 மில்லிவினாடிக்கு ஒரு படம் எடுக்கிறது. ஒவ்வொரு படமும் விளக்கின் துடிப்பில் சற்றுத் தள்ளிய இடத்தைப் பிடிக்கிறது. ஆறு படங்களுக்கு 50 மில்லிவினாடி, அதற்குள் விளக்குக்குச் சரியாக ஐந்து துடிப்பு. அங்கே இரண்டும் மறுபடி சந்திக்கின்றன. ஆறு என்ற எண் வந்த வழி இதுதான்.

தூக்கம் போனது போகட்டும், கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதில் ஒரு சந்தோஷம்.

26 ஜனவரி, ஞாயிறு

ஒரு வாரமாக இதே நினைப்பு. ஷட்டரை 1/120க்கு இறக்கிப் பார்த்தேன். துடிப்பு நன்றாகவே குறைந்தது, ஆனால் போகவில்லை. 10 மில்லிவினாடித் துடிப்பில் 8.33ஐ அள்ளிக்கொள்கிறது, மிச்சம் சிந்துகிறது. முழுத் துடிப்பையும் ஒவ்வொரு படமும் அள்ள வேண்டுமென்றால் ஷட்டர் 1/100 திறந்திருக்க வேண்டும். 120 பிரேமில் அது நடக்காத காரியம். அடுத்த படத்துக்கான நேரம் வந்துவிடும்.

ஆகவே 100 பிரேம். கேமராவின் மெனுவில் NTSC என்று இருந்த காணொளி முறையை PAL என்று மாற்றினால்தான் 100 தெரிகிறது. மாற்றியதும் மெமரி கார்டை அழித்துத் தயாரிக்கச் சொன்னது. குட்டையில் குதித்த பையன் அதில்தான் இருந்தான். நல்ல வேளை, பிரதி எடுத்து வைத்திருந்தேன். இதை ஊர்வலத்தின் நடுவே கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம்.

அதே கீழ்த்தளம், அதே குடை. 100 பிரேமில் முதலில் 1/200 வைத்தேன். துடிப்பு நின்றுவிட்டது. ஆனால் படத்தின் குறுக்கே மங்கலான ஒரு பட்டை, அசைகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்ல ஊர்ந்தது. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், மேல்வரி ஒரு வெளிச்சத்தையும் கீழ்வரி வேறொரு வெளிச்சத்தையும் பார்க்கிறது. மின்சாரமும் அச்சுப் பிசகாமல் 50இல் நிற்பதில்லை, அதனால்தான் அந்த ஊர்தல். 1/100 வைத்ததும் பட்டையும் மறைந்தது. வெள்ளைச் சுவரை ஐந்து வினாடி எடுத்துப் பார்த்தேன், தாள் போலச் சுத்தம்.

அத்தை மகன் குடையை மடக்கிவிட்டு, “அத்தான், இன்னொரு சுற்று சுற்றச் சொன்னால் தைப்பூசத்தன்று நான் வரமாட்டேன்” என்றான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. 1/100 என்றால் படம் கலங்கிவிடாதா?

அவன் ஒரு சுற்றுச் சுற்ற ஒன்றரை வினாடி ஆகிறது. மயிலிறகின் நுனி உடலிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த நுனி ஒரு சுற்றில் ஐந்து மீட்டர் போகிறது. 1/100 வினாடியில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். மூன்று மீட்டர் அகலம் பிடிக்கும் 4கே படத்தில் அது நாற்பது பிக்சல் கலங்கல். இறகுக்கு அது குறையல்ல. இறகு வீசுகிறது என்பதே அந்தக் கலங்கலில்தான் தெரியும். முகம் சுழற்சியின் நடுவில் இருப்பதால் அதில் எட்டில் ஒரு பங்குதான் நகரும்.

அத்தையின் பால்குடத்துக்கு 100 பிரேம் கூடாது. அவர் நடையே மெதுவானது. நான்கு மடங்கு இழுத்தால் நடப்பதே தெரியாது. 50 பிரேம் போதும், ஷட்டர் அதே 1/100. இருட்டில் ஷட்டரைத் தொடாமல் பிரேமை மட்டும் மாற்றலாம் என்பது பெரிய நிம்மதி.

11 பிப்ரவரி, செவ்வாய்

விடுப்பு எடுத்திருந்தேன். விடிவதற்கு முன்பே சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் நின்றோம். கூடாரத்துக்குள் டியூப் விளக்குகளும் எல்இடி விளக்குகளும் கலந்து எரிந்தன. சுவருக்குப் பதிலாக யாருடைய வெள்ளை வேட்டியையோ ஐந்து வினாடி எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டை இல்லை. 100 பிரேம், 1/100, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200.

அலகு குத்தும்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். அதை மெதுவாகப் பார்க்க யாருக்கும் வேண்டியதில்லை.

ஏழேகால் மணியளவில் வெளிச்சம் வந்தது. சூரியன் துடிப்பதில்லை. செலிகி ரோட்டில் 1/400 வைத்தேன். அவன் நின்று சுற்றியபோது ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது, வியர்வைத் துளிகூடப் பறந்தது. டேங்க் ரோடு கோயிலுக்குள் நுழையும்போது மறுபடி விளக்குகள். 1/100க்குத் திரும்ப மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது மூன்று கிளிப் போயிருந்தது.

12 பிப்ரவரி, புதன்

இன்று மாலை எல்லாவற்றையும் பார்த்தேன். கூடாரக் காட்சிகள் அசையாத வெளிச்சத்தில் இருக்கின்றன. ஒரே ஓர் இடத்தில் மட்டும், பின்னால் நின்ற வேறொருவருடைய காவடியின் அலங்காரச் சரவிளக்குகள் தாறுமாறாக மினுக்குகின்றன. அவை பேட்டரியில் ஓடுபவை. மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, அவற்றின் துடிப்பு வேறு. அதற்கு 1/100 மருந்தல்ல.

கோயிலுக்குள் 1/400இல் எடுத்த மூன்றிலும் தடித்த பட்டைகள். இரண்டை நீக்கினேன். மூன்றாவதில் அவன் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறான், பட்டையோடு வைத்துக்கொண்டேன்.

அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கைகூப்பியபடி கடைசிவரை பார்த்தார். பிறகு, “மேளச் சத்தம் எங்கேப்பா?” என்று கேட்டார். 100 பிரேமில் என் கேமரா ஒலியைப் பதிவதில்லை என்று விளக்கினேன். “அப்படியா” என்றார். மாமா கைத்தொலைபேசியில் சாதாரணமாக எடுத்த இரண்டு நிமிடக் காணொளியை அனுப்பச் சொல்லி வாங்கி, அதைத்தான் இப்போது உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.