காய்ச்சலும் பாய்ச்சலும், 250 சொல்லும்

நவம்பர் 4
மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப 10ஆம் தேதி கடைசி, 250 சொல்லுக்குள் முடிக்க வேண்டும். குறுவையில் ஆடுதுறை 43 நெல் நட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, தண்ணீர் கட்டிப் பார்த்த சோதனை. எழுதியதைப் படித்தால் முதல் 80 சொல் 'நெல் ஒரு முக்கிய உணவுப் பயிர்' என்ற ரகம். நெல்லைப் பற்றி நெல்காரர்களுக்கே பாடமா? வெட்டிவிட்டேன். பிரச்சினை ஒரே வரிதான்: மண்ணுக்கடியில் ஈரம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாததால், பம்புசெட்காரர் பயந்துகொண்டு எப்போதும் வயலில் தண்ணீரைத் தேக்கியே வைக்கிறார்.

நவம்பர் 6
செய்முறையும் முடிந்தது. துளையிட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. தேங்கும்வரை பாய்ச்சினோம். பூக்கும் வாரத்தில் மட்டும் காயவிடவில்லை.

முடிவில்தான் சறுக்கல். எப்போதும் நீர் நின்ற பாத்திக்கு 20 தடவை பாய்ச்சினோம், இதற்கு 14 தடவை, அதனால் '30 சதவீதம் மிச்சம்' என்று எழுதிவிட்டேன். ராத்திரி மீட்டர் நோட்டை எடுத்துக் கூட்டினால் 1000 மி.மீ., 840 மி.மீ. மிச்சம் 16 சதவீதம்தான்! காரணம் சாதாரணம். காய்ந்த மண் முதலில் தான் குடித்துவிட்டு அப்புறம்தான் மேலே தேங்கவிடும், அதனால் தடவை குறைந்தாலும் ஒவ்வொரு தடவையும் 5க்குப் பதில் 6 செ.மீ. போயிருக்கிறது.

நவம்பர் 7
சாரிடம் காட்டினேன். 16ஐப் பார்த்து முகம் சுளிப்பார் என்று நினைத்தேன், அவர் விரலை வைத்தது 'விளைச்சல் குறையவில்லை' என்ற வரியில். ஹெக்டேருக்கு 5.6 டன், 5.4 டன். வேறுபாடு உறுதி என்று சொல்லக் குறைந்தது எவ்வளவு இடைவெளி வேண்டும் என்கிற சி.டி. 0.5.

"நாலு நாலு பாத்திதானேப்பா? 0.2 டன் குறைஞ்சிருந்தாலும் உன் சோதனைக்குத் தெரியாது. தெரியலைங்கிறதும் இல்லைங்கிறதும் ஒண்ணா?"

பதில் இல்லை. பக்கத்துப் பாத்தியிலிருந்து தண்ணீர் கசிந்ததா என்றும் கேட்டார். நல்லவேளை, வரப்போரம் பாலித்தீன் தாளை இறக்கியிருந்தோம். இல்லையென்றால் மீட்டர் கணக்கும் பொய்யாகியிருக்கும்.

நவம்பர் 9
மீத்தேன் குறையும் என்று கடைசியில் சொருகியிருந்ததையும் எடுத்தேன், நாங்கள் அளக்கவே இல்லையே. முடிவும் பொருளும் இப்போது இப்படி:

'பாசன நீர் 1000 மி.மீ.இலிருந்து 840 மி.மீ. ஆனது. விளைச்சல் 5.6, 5.4 டன், இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. மிச்சமான நீர் ஏக்கருக்குச் சுமார் 6.5 லட்சம் லிட்டர். நினைத்த நாளில் பாய்ச்ச முடிகிற பம்புசெட் வயலுக்கு இது பொருந்தும். முறை வைத்து வாய்க்கால் நீர் வரும் வயலுக்கு இந்த முடிவை நீட்டிக்க இயலாது.'

ஒரே பருவத்துச் சோதனை என்பதையும் சேர்த்தேன். 212 சொல். அனுப்பியாச்சு.