உப்பு நார்த்தங்காய்க்கு ஒரு தலைப்பு

மகளிர் சுய உதவிக் குழுக்கள் செய்யும் ஊறுகாய், பொடி வகைகளை இணையக் கடைகளில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. படம் எடுப்பது, விலை போடுவது, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணைச் சரிபார்ப்பது என்று பல வேலைகள் இதில் உண்டு. எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடிப்பது, பொருளுக்கு மேலே வரும் அந்த ஒற்றை வரித் தலைப்புதான். விற்பனை கூடுவதற்கு மட்டுமல்ல, வந்த விற்பனை திரும்பிப் போகாமல் இருப்பதற்கும் அந்த வரிதான் காரணம். திருப்பி வந்த சட்டையை மடித்து மறுபடி விற்கலாம். மூடி திறந்த ஊறுகாயைக் கொட்டத்தான் வேண்டும்.

சிவகங்கைப் பக்கத்துக் குழு ஒன்று உப்பு நார்த்தங்காய் போடுகிறது. காயைத் துண்டாக்காமல் சுருள் சுருளாகக் கீறி, உள்ளே கல்லுப்பை அடைத்து, ஜாடியில் ஊற வைப்பார்கள். பகலில் வெயிலில் காய வைத்து, இரவில் அதே உப்புச் சாற்றில் திரும்பப் போடுவார்கள். சாறு முழுக்க இழுத்துக்கொண்டு காய் கருத்து இறுகும்வரை இது நடக்கும். எண்ணெயும் கிடையாது, மிளகாயும் கிடையாது. தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை. அதை இந்தத் தலைப்பில் விற்றுக்கொண்டிருந்தார்கள்:

```
Homemade Traditional Tasty Pickle 100% Pure Natural Grandma Style Narthangai
```

கைபேசியில் தேடினால் பட்டியலில் இந்த வரி முழுதாகத் தெரிவதில்லை. எங்கள் போனில் `Natural` என்பதோடு வெட்டுப்பட்டு, பிறகு மூன்று புள்ளிகள். என்ன ஊறுகாய் என்று சொல்லும் ஒரே சொல் கடைசியில் இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. அப்படியும் வாங்கியவர்களில் சிலர், எண்ணெய் மிதக்கும் கார ஊறுகாயை எதிர்பார்த்தவர்கள். அவர்களிடமிருந்து இரண்டு புகார்கள் மாறி மாறி வந்தன. ஒன்று, "காய்ந்துபோன பழைய சரக்கு". இன்னொன்று, "பூஞ்சை பிடித்திருக்கிறது".

அந்தப் பூஞ்சைப் புகாரை மட்டும் நின்று பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த நார்த்தங்காயின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். விரலால் தேய்த்தால் மணல் மாதிரி நெருடும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி இருக்கும், தண்ணீரில் கரையாது, முகர்ந்தாலே மக்கிய வாடை வரும். காய் சரியாகக் காயாமல் ஈரம் நின்றாலோ, உப்பு போதாவிட்டாலோதான் அது வரும். குழுவினர் எனக்கு அனுப்பிய பாட்டிலில் இருந்தது உப்பு. பொருளில் ஒரு குறையும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று வாங்குகிறவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தலைப்பு எழுதுவதற்கு முன்னால் ஊக்குநர் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: வாட்ஸ்அப்பில் இந்த ஊறுகாயைப் பற்றி ஆட்கள் என்ன விசாரிக்கிறார்கள்? பழைய செய்திகளைப் புரட்டிக் காட்டினார். "எண்ணெய் ஊத்தினதா?", "காரமா, உப்பா?", "காய வச்சதா, ஈரமா?", "எத்தனை கிராம்?" திரும்பத் திரும்ப இவைதான். பாட்டி கைப்பக்குவமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆட்கள் எதைக் கேட்டுவிட்டு வாங்குகிறார்களோ, அதற்கான பதிலே தலைப்பு. நான் வேலை பார்க்கும் முறை இதுதான். புதிய தலைப்பு இப்படி வந்தது:

```
Narthangai Pickle, Dry Salted, No Oil, Uppu Narthangai Citron, 200 g
```

பொருளின் பெயர் முதலில், அது எந்த வகை என்பது இரண்டாவது. எங்கே வெட்டுப்பட்டாலும் இந்த இரண்டும் கண்ணில் படும். நார்த்தங்காய் என்ற தமிழ்ப் பெயர் தெரியாதவர்களுக்காக `Citron` சேர்த்தோம். `Naarthangai` என்று இரண்டு `a` போட்டுத் தேடுகிறவர்களும் உண்டு. அந்த எழுத்துக்கூட்டல்களைத் தலைப்பில் அடுக்காமல், விற்பவர் பக்கத்தில் தனியாக இருக்கும் தேடுசொல் கட்டத்தில் போட்டுவிட்டோம். உப்புப் பூத்த காயை அருகில் வைத்து எடுத்த படத்தையும் இரண்டாவது படமாகச் சேர்த்தோம். பூஞ்சைப் புகார் அதன்பின் வரவில்லை.

அக்காவுக்கு வருத்தம்தான். "வீட்லதான மேடம் செய்யிறோம், அதப் போடாம எப்படி?" என்றார். நியாயமான வருத்தம். அவர்கள் வெயிலில் நின்று செய்த உழைப்பு அந்தச் சொல்லில் இருப்பதாக நினைக்கிறார்கள். ஆனால் அதே சொல் அந்தப் பட்டியலில் மேலும் கீழும் எல்லாப் பாட்டிலிலும் இருந்தது. எப்படிச் செய்கிறோம் என்பதை விளக்கப் பகுதியில் நாலு வரியில், சுருள் கீறுவதிலிருந்து வெயில் வரைக்கும் எழுதினோம். "வீட்டுத் தயாரிப்பு" என்று சொல்வதைவிட அது நம்பும்படியாக இருக்கிறது.

மற்ற பெருமைச் சொற்களில் இன்னொரு சிக்கல். 2018 ஆம் ஆண்டு வந்த உணவு விளம்பர விதிமுறைகள் "இயற்கை", "சுத்தமான", "பாரம்பரிய" போன்ற சொற்களை இஷ்டத்துக்குப் போட விடுவதில்லை. "ஆர்கானிக்" என்று போட்டு இணையக் கடையில் விற்க, சான்றிதழ் வேண்டும். மருந்தடிக்காத தோட்டத்துக் காய் என்பது மட்டும் போதாது. பருப்புப் பொடிக்கு "குளூட்டன் ஃப்ரீ" போடலாம் என்று குழுவில் ஒரு தங்கை ஆசைப்பட்டாள். பருப்பு, மிளகாய், பூண்டு, உப்பு, இதில் கோதுமை எங்கே என்று கேட்டாள். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்ந்திருக்கும், இவர்கள் வாங்கியதிலும் இருந்தது. கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் தலைப்பை நம்பிச் சாப்பிட்டால் உடம்புக்கு வந்துவிடும். அங்கே தலைப்பு வியாபாரத்தோடு நிற்பதில்லை.

பொடிகளில் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது குழம்பு மிளகாய்த்தூள். நம் வீடுகளில் மிளகாயோடு மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் வறுத்துச் சேர்த்து அரைப்பது அது. `Kuzhambu Chilli Powder` என்று இருந்ததைப் பார்த்து வெறும் மிளகாய்த்தூள் என்று எண்ணி வாங்கியவர்கள், காரமே இல்லை என்று ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். `Kuzhambu Milagai Thool, Chilli Coriander Curry Masala` என்று மாற்றி, மல்லி கலந்தது என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தோம்.

தலைப்பைப் படிக்கும் இன்னொரு ஆளும் உண்டு, பார்சல் கட்டுகிறவர். ஆர்டர் சீட்டில் அச்சாவது அதே வரிதான். இந்தக் குழுவில் பார்சல் கட்டும் அக்காவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, கார நார்த்தங்காயும் உப்பு நார்த்தங்காயும் பக்கத்துப் பக்கத்து அலமாரி. அதனால் `NAR-DRY-200`, `NAR-OIL-200` என்று குறியீடு வைத்து, ஜாடியில் மஞ்சள், சிவப்பு வட்டம் ஒட்டி, சீட்டிலும் அதே வட்டத்தை ஒட்டுகிறார்கள்.

குழுவின் பெயரைத் தலைப்பின் முதலில் போடுவதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. சாமி பேரும் ஊர்ப் பேரும் சேர்ந்த நீளமான பெயர், தெரியும் இடத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். பிராண்டுக்கான கட்டத்திலும் பாட்டிலின் லேபிளிலும் முழுப் பெயரும் வரட்டும், தலைப்பு ஊறுகாயில் தொடங்கட்டும் என்பது என் கட்சி. சுருக்கமாக ஒரு பெயர் வைத்துக்கொள்வதைப் பற்றி அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.